வாஷ்பேசினுக்குப் போன மூக்கு மருந்து

வளைகுடா நாட்டு ஃபர்வானியாவில் ஒரு கிளினிக்கின் குழந்தைகள் பிரிவில் நான் நர்ஸாக இருந்தேன். தூசிக்காற்று தொடங்கிவிட்டால் எங்களுக்கு அறுவடைக் காலம். பாதிப் பிள்ளைகள் வாயைத் திறந்து மூச்சு விட்டபடி வந்து உட்காரும். மூக்கு ஸ்ப்ரே அடிப்பது எப்படி என்று தாய்மாருக்குப் பாடம் எடுப்பது என் வேலை. பாட்டிலைக் குலுக்க வேண்டும். புதிதாக இருந்தால் பனி போல வரும்வரை காற்றில் அடிக்க வேண்டும். பிள்ளையை மூக்கைச் சிந்தச் சொல்லித் தலையை லேசாகக் குனிய வைக்க வேண்டும். நுனியை நடுச்சுவரைப் பார்த்து வைத்தால் ரத்தம் வரும், அந்தப் பக்கத்துக் காதைப் பார்த்து வைக்க வேண்டும். மெதுவாக மூச்சை இழுத்தால் போதும், உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். இதைத் தமிழிலும் இந்தியிலும், எனக்கு மட்டுமே புரிகிற அரபியிலும் சொல்வேன்.

ஊருக்கு உபதேசம் இப்படி அமோகமாக நடந்துகொண்டிருந்தபோதுதான் ஏழு வயதான என் மகளுக்கே மூக்கு அடைத்தது. காலையில் வரிசையாகத் தும்மல், கண்ணடியில் கருவளையம், வகுப்பில் தூக்கம். எங்கள் டாக்டரம்மா பார்த்துவிட்டு அதே ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை எழுதினார். பக்கத்துக்கு ஒன்று, நாளுக்கு ஒரு வேளை. பன்னிரண்டு வயதுக்கு மேல்தான் பக்கத்துக்கு இரண்டு. அடித்த உடனே ஒன்றும் தெரியாது, முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகலாம், ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார். கூடவே, வீட்டில் கார்ப்பெட் இருந்தால் முதலில் அதைத் தூக்கிப் போடுங்கள், தூசிப்பூச்சி அதில்தான் குடியிருக்கிறது என்றார்.

என் வீட்டுக்காரர் கட்டுமான சைட்டில் சர்வேயர். கருவியில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, இந்தத் தரை அந்தத் தரையைவிட எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று சொல்லுகிற உத்தியோகம். அவருடைய சைட்டில் ஸ்டோர்கீப்பர் ஒருவர் உண்டு. சிமெண்டு மூட்டைக்குப் போக மிச்ச நேரத்தில் வைத்தியம் பார்ப்பார். ஸ்டீராய்டு என்று கேட்டதும் அவர், "பாய், பச்சி நாட்டி ரஹ் ஜாயேகி" என்று சொல்லிவிட்டாராம். பிள்ளை குட்டையாகவே நின்றுவிடுமாம்.

"இவ்வளவு படிச்சுட்டு நீயே புள்ளைக்கு ஸ்டீராய்டு குடுக்கியே" என்றார் வீட்டுக்காரர்.

அவருடைய சொந்த உயரம் ஐந்தடி மூன்றங்குலம், அதற்கு எந்த ஸ்ப்ரே காரணம் என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவர் பயந்தது நிஜம். டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். ஒருசில பழைய மருந்துகளில் வளர்த்தி கொஞ்சம் மந்தப்பட்டதுண்டு. இது குழந்தைக்கான அளவில் ரத்தத்தில் மிகக் கொஞ்சமே கலக்கும். ஆனாலும் கவலையை ஒதுக்கிவிடாமல் அவ்வப்போது உயரம் பார்ப்போம், மூக்கு சரியானதும் குறைத்துக்கொள்வோம்.

"எங்க, கிளினிக்லயா? நீயே அளந்து நீயே எழுதுவ."

நல்லது என்று, மருந்து தொடங்கிய அன்று சாயங்காலமே மகளைப் படுக்கையறைக் கதவு நிலையோடு சேர்த்து நிறுத்தி, தலைமேல் புத்தகத்தை வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். பக்கத்தில் தேதியும் எழுதினேன். இனி ஸ்டோர்கீப்பரே வந்து அளந்துகொள்ளலாம்.

வந்த வெள்ளிக்கிழமை கார்ப்பெட்டைச் சுருட்டி வெளியே போட்டோம். அடியில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்சும் போயிற்று. மூன்றாவது வாரம் மகள் வாயை மூடித் தூங்கினாள். எனக்கு ஆறு மணிக்கு டூட்டி என்பதால் காலை மருந்து அவர் பொறுப்பு. டிசம்பர்வரை வீடு சமாதானமாக இருந்தது.

ஜனவரி பத்துத் தேதிவாக்கிலிருந்து பழையபடி குறட்டை, தும்மல். டீச்சர் டைரியில் எழுதி அனுப்பினார், பிள்ளை டெஸ்க்கில் தலைவைத்துத் தூங்குகிறாள் என்று. தினமும் மருந்து போகிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். "போகுது" என்றார். பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தேன். ஒழுங்காகக் குறைந்துகொண்டுதான் வந்தது.

மாதக் கடைசியில் டாக்டரம்மாவிடம் மூவரும் போனோம். தினமும் கொடுத்தும் இப்படி என்றால் மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு சர்ஜனைப் பாருங்கள், ஆபரேஷன்கூட வேண்டியிருக்கலாம் என்று சீட்டை எழுதத் தொடங்கினார். எத்தனையோ தாய்மாருக்கு "பயப்படாதீங்க" என்று சொன்ன நான், ஆபரேஷன் எத்தனை நேரம் ஆகும் என்று இரண்டு தடவை கேட்டேன்.

எழுதிக்கொண்டே டாக்டரம்மா மகளிடம், ஸ்ப்ரே அடிக்கும்போது வலிக்கிறதா என்று கேட்டார்.

"நோ டாக்டர். டாடி கிவ்ஸ் இட் டு த வாஷ்பேசின்" என்றாள் மகள். பக்கத்துக்கு ஒன்று, தினமும், தவறாமல் என்று கணக்கையும் சொன்னாள். அளவிலே மனுஷன் குறை வைக்கவில்லை.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. வீட்டுக்காரர் செருப்பைப் பார்த்தபடி இந்தியும் இங்கிலீஷுமாகச் சொன்னார்: மூன்று மாதம் கழித்து நிலையில் நிறுத்திப் பார்த்தேன், தலை அதே கோட்டில் நிற்கிறது, ஒரு நூல்கூட ஏறவில்லை, பயந்து நிறுத்திவிட்டேன். மனைவியிடம் சொன்னால் திட்டுவாள்.

டாக்டரம்மா திட்டவில்லை. மகளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, உயரம் பார்க்கும் பலகையில் அவரே நிறுத்தினார். மருந்து தொடங்கிய அக்டோபரில் நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர். இப்போது நூற்றுப் பத்தொன்பதரைக்கு மேல். பிள்ளை வளர வேண்டிய மாதிரியே வளர்ந்திருந்தாள். எக்ஸ்ரே சீட்டைக் கிழித்துவிட்டு, ஒரு மாதம் ஒழுங்காக மூக்குக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள், அப்போது பார்ப்போம் என்றார்.

டாக்ஸியில் வீடு வரும்வரை நான் பேசினேன். திட்டுவாள் என்று பயந்தாரல்லவா, அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கவில்லை. வாஷ்பேசினுக்கு இந்த ஜென்மத்தில் அலர்ஜியே வராது என்றேன். சைட்டில் கட்டுகிற கட்டிடமெல்லாம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ என்றேன்.

வீடு வந்ததும் அவர் நேரே நிலைக்குப் போனார். "அப்போ இந்தக் கோடு?" என்றார். நானும் குனிந்து பார்த்தேன். நிலையின் அடியில் விரற்கடை அகலத்துக்குப் பெயிண்ட் மங்காமல் பளிச்சென்று ஒரு பட்டை ஓடியது, கார்ப்பெட் மறைத்திருந்த இடம். பட்டைமேல் விரலை வைத்து அளந்தேன். அன்று பிள்ளையை ஸ்பாஞ்சும் கார்ப்பெட்டுமாக ஒன்றரை சென்டிமீட்டர் மெத்தைமேல் நிறுத்திக் கோடு போட்டிருக்கிறேன். அவர் அளந்ததோ வெறும் டைல்ஸில். மூன்று மாதம் பிள்ளை வளர்ந்ததை, தரை இறங்கிச் சரிக்கட்டிவிட்டது. கிளினிக்கில் சாக்ஸோடு நின்றால்கூடக் கழற்றவைக்கிறவள் நான்.

சொல்லாமல் விட்டிருக்கலாம். டாக்ஸியில் அவ்வளவு பேசிய வாய்க்கு இது மட்டும் கஷ்டமாக இருந்தது.

"கோடு போட்டது நான்தான்" என்றேன். "கார்ப்பெட்டுக்கு மேல நிக்க வச்சுப் போட்டுட்டேன்."

அவர் பட்டையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். தரைமட்டம் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவருக்கு எல்லாவற்றையும் புரிந்துகொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இனி அவர் முறை. டாக்ஸியில் வாங்கியதையெல்லாம் வட்டியோடு திருப்புவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். திருப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"இருவது நாளு புள்ள வாயால மூச்சு விட்டுருக்காளே" என்றார்.

பிறகு பாட்டிலை எடுத்துக் குலுக்கினார். மகள் முன்னால் முட்டிபோட்டு, நுனியை எந்தப் பக்கம் பார்த்து வைக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். முதன்முதலாகச் சொல்லிக்கொடுத்தேன். வெளியார் அத்தனை பேருக்கும் பாடம் எடுத்த நான், தினமும் மருந்து கொடுக்கிறவருக்கு ஒரு தடவைகூட எடுத்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.