தெற்கே அறுபத்தோரு இடங்கள்

கொட்டாஞ்சேனையில் றோஸி மிஸ் என்றால் கணக்கு மிஸ்தான். பன்னிரண்டு வருடம் கன்னியாஸ்திரீகளின் பாடசாலையில் பெண்பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்குப் படிப்பித்தவர். கல்யாணம் பேசி வந்தவர்கள் ஒன்றிரண்டு பேர் இருந்தார்கள். தகப்பன் பக்கவாதத்தில் விழுந்த பிறகு அந்தப் பேச்சும் நின்றுபோனது. அவர் அதைப் பற்றி யாரிடமும் குறைப்பட்டதில்லை. பிள்ளைகள் விடையை மட்டும் எழுதி, வழியை எழுதாமல் விட்டால் மட்டும் கோபம் வரும்.

யுத்தம் வந்து பாடசாலைக் கட்டடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. பிள்ளைகள் சிதறிப் போனார்கள். சம்பளமும் பாதியானது. அப்போதுதான் வெள்ளவத்தையில், கடலைப் பார்த்த ஒரு பெரிய வீட்டில், கணக்குத் தெரிந்தவர்களைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டார். ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்து மூன்றின் கடைசியில் வேலை கிடைத்தது. வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. உள்ளே நடப்பதை வெளியே கதைக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

அங்கே தலைமை எழுதுவினைஞர் தியாகராசா. யாழ்ப்பாணத்து ஆள், ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடமே மிச்சம். கணக்குப் போடுவதற்குக் கிராண்ட்பாஸிலிருந்து வரும் பலீல் என்ற இருபத்தாறு வயது ஆள் ஒருவர் இருந்தார். பென்சிலைக் காதில் செருகியபடி, கண்மூடித் திறப்பதற்குள் கூட்டக்கூடியவர். எல்லோருக்கும் மேலே ஒரு வெள்ளைக்கார மேஜர்.

மாசி மாதத்தில் அவர்களிடம் ஒரு பட்டியல் வந்தது. இந்துசமுத்திரத்தில் உள்ள தீவுகள், கற்பாறைகள், நல்ல தண்ணீர் கிடைக்கும் திட்டுகள் என்று முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்கள். பெயர் எதுவும் இல்லை, இலக்கம் மட்டும். ஒவ்வோர் இடத்துக்கும் அகலாங்கும் நெட்டாங்கும், அதாவது அட்சரேகையும் தீர்க்கரேகையும், பாகை, கலை, விகலையாக எழுதியிருந்தது. பாகையில் அறுபதில் ஒரு பங்கு கலை, கலையில் அறுபதில் ஒரு பங்கு விகலை. வடக்கே தொடங்கித் தெற்கே முடியும் பட்டியல். விமானங்களுக்குத் திசையும் தூரமும் கணிக்கிற அறையில் புதிதாக ஒரு கணிப்பு மெஷினும் அதற்கேற்ற அட்டவணைப் புத்தகமும் வந்திருந்தன. அந்தப் புத்தகம் கலை விகலை ஏற்காது. தசமப் பாகைதான் வேண்டும். அதனால் முழுப் பட்டியலையும் மாற்றித் தரவேண்டும்.

வேலை றோஸியிடம் வந்தது. கலையை அறுபதால் பிரிக்க வேண்டும், விகலையை மூவாயிரத்து அறுநூறால் பிரிக்க வேண்டும், இரண்டையும் பாகையோடு கூட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் வகுத்துக்கொண்டிருந்தால் ஒரு மாதம் போகும் என்று, ஒன்று முதல் ஐம்பத்தொன்பது வரைக்கும் கலைக்கு ஒரு நிரலும் விகலைக்கு ஒரு நிரலும் தானே கணித்து, ஒரு தாளில் எழுதி பலீலின் மேசையில் ஒட்டினார். ஆறு பாகை, ஐம்பத்தாறு கலை, இருபத்து நான்கு விகலை என்றால், தாளைப் பார்த்து 0.9333-ஐயும் 0.0067-ஐயும் எடுத்து ஆறோடு கூட்டினால் சரி: 6.9400. நான்கு தசம தானம் போதும். அதில் கடைசி இலக்கம் ஒன்று பிசகினாலும் தரையில் பதினொரு மீற்றர்தான்.

தெற்கு என்ற எழுத்தை மெஷின் விளங்கிக்கொள்ளாது. ஆகவே, “தெற்கெண்டா பாகைக்கு முன்னால கழித்தல் அடையாளம் போடுங்க” என்று பலீலிடம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான் சொன்னார்.

பலீல் நான்கு நாளில் முடித்தார். றோஸி மேலிருந்து வரி வரியாகச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். இருநூற்று நாற்பதைத் தாண்டும்போது பட்டியலை எடுத்துப்போக ஆள் வந்து நின்றார். அதுவரை ஒரு பிழைகூட இல்லை. மிச்சத்தைக் கண்ணால் ஓட்டிவிட்டு, அடியில் ‘சரிபார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

சித்திரை மாதத்து ஒரு புதன்கிழமை காலை, பத்து மணியளவில், மேஜர் தானே அறைக்குள் வந்தார். அப்படி அவர் வருவதில்லை. அவர் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: டோர்பிடோ பட்ட சரக்குக் கப்பல் ஒன்றின் உயிர்காப்புப் படகு, பத்தொன்பது பேருடன், 258-ஆம் இடத்துக்குப் பக்கத்தில் தெரிந்ததாக ஒரு கப்பல் திங்கட்கிழமை அறிவித்திருக்கிறது. நீர்மூழ்கிக்குப் பயந்து அந்தக் கப்பலால் நிற்க முடியவில்லை. தெற்குத் தீவொன்றில் நின்ற மிதவை விமானம் நேற்று அந்த இடத்துக்குப் பறந்து இரண்டு மணித்தியாலம் சுற்றியது. படகும் இல்லை, திட்டும் இல்லை. வெறுங் கடல்.

“படகு தாழ்ந்திருக்கலாம்,” என்றார் மேஜர். “ஆனால் ஒரு திட்டு எப்படித் தாழும்? அந்த ஒரு வரியைப் பாருங்கள். பன்னிரண்டு மணிக்கு விமானம் திரும்பவும் கிளம்புகிறது. அதுதான் கடைசி முறை.”

றோஸி பழைய தாளை எடுத்தார். 258: பூச்சியம் பாகை, நாற்பத்தொரு கலை, பதினைந்து விகலை, தெற்கு. புதிய தாளில் 0.6875. முன்னால் எந்த அடையாளமும் இல்லை.

தெற்கே இருக்கவேண்டிய திட்டைப் பூமத்தியரேகைக்கு வடக்கே தூக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்றேகால் பாகைக்கு மேல் வித்தியாசம். கடல் மைலில் எண்பத்திரண்டரை.

“பலீல், இதுக்கு ஏன் கழித்தல் போடேல்ல?”

பலீல் எட்டிப் பார்த்தார். “பூச்சியத்துக்கு முன்னால கழித்தலப் போட்டு என்ன மிஸ்? பூச்சியத்தக் கழிச்சா ஒண்டுமில்லயே. அதான் உட்டுட்டேன்.”

தியாகராசா எழுந்து வந்து தாளைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“அந்த ஒரு வரிக்கு அடையாளத்தைப் போட்டுக் குடும் பிள்ளை. தட்டச்சில விடுபட்டதெண்டு நான் சொல்லிக்கொள்ளுறன். கேட்டது ஒரு வரிதானே.”

றோஸி பேனாவை எடுத்தார். ஆனால் எழுதவில்லை. அவருடைய கண் அந்த நிரலில் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தெற்கே போகப் போக எண்கள் இறங்கிக்கொண்டே போகவேண்டும். இங்கே ஏறுகின்றன. 271-ஆம் வரியில் கண் நின்றது. பழைய தாளில் ஒரு பாகை, பதினைந்து கலை, முப்பத்தாறு விகலை, தெற்கு. புதிய தாளில் கழித்தல் 0.74.

“இதை எப்பிடிக் கணிச்சீங்க?”

“நீங்க சொன்ன மாதிரித்தான் மிஸ். கழித்தல் ஒண்டு. அதோட இருபத்தஞ்சு, பிறகு ஒண்டு, ரெண்டையும் கூட்டினேன்.”

கழித்தல் ஒன்றோடு 0.2500-ஐயும் 0.0100-ஐயும் கூட்டினால் கழித்தல் 0.74-தான் வரும். பலீல் கணக்கில் பிழை விடவில்லை. தெற்குப் பக்கம் கலையும் விகலையும் பாகையோடு சேர்ந்து தெற்கே இழுக்க வேண்டியவை. முதலில் மூன்றையும் கூட்டி, 1.26 என்று எடுத்து, அதன் பிறகு முழுவதற்கும் கழித்தல் போட்டிருக்க வேண்டும். அந்தப் படியை றோஸி சொல்லவேயில்லை. வழியை எழுதாமல் விட்டது அவர்தான்.

“சேர், ஒரு வரியில்ல. இருநூற்று அம்பத்திரண்டில இருந்து கடைசி வரைக்கும் எல்லாம் பிழை. அறுபத்தொண்டு.”

“மெதுவாக் கதையும்.” தியாகராசா கதவைப் பார்த்தார். “மிச்சத்தைப் பிறகு ஆறுதலாத் திருத்துவம். இப்ப சொன்னா, அடியில ஆருடைய கையெழுத்து இருக்குதெண்டு தெரியும்தானே? உம்மட அப்பா படுக்கையில. யோசியும்.”

“படகு ரெண்டு நாளா நீரோட்டத்தில தெற்கால போயிருக்கும் சேர். இருநூற்று அம்பத்தெட்டில இல்லாட்டி அடுத்ததா எங்க தேடுவினம்? தெற்கால இருநூற்று எழுபத்தொண்டிலதான். எங்கட தாளில அதுவும் முப்பத்தொரு மைல் தள்ளி நிக்குது.”

சுவர்மணிக்கூடு பத்து இருபத்தைந்தைக் காட்டியது.

றோஸி இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். மேஜரின் மேசையில் தாள்களை வைத்து, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பிழை எப்படி வந்தது, எத்தனை வரி, யார் சொன்ன வழி, யார் கையெழுத்து. மேஜரின் காது மடல்கள் சிவந்தன. கத்தப்போகிறார் என்று றோஸி காத்திருந்தார். அவர் கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

“இந்த இரண்டு வரிக்கும் எத்தனை நிமிடம்?”

“இரண்டும் இப்போதே தரலாம். சுற்றியுள்ள பத்து இடங்களுக்கும் அரை மணித்தியாலம் வேண்டும்.”

“தாருங்கள். ஆனால் வேறொருவர் தனியாகக் கணித்து, உங்கள் விடையோடு பொருந்த வேண்டும்.”

கீழே வந்தபோது பலீல் தயாராக உட்கார்ந்திருந்தார். றோஸி ஒரு மேசையில், அவர் இன்னொரு மேசையில். முதலில் மூன்றையும் கூட்டு; பிறகு அடையாளம். பலீல் அந்த ஒட்டிய தாளைப் பார்க்காமல், பாகையையும் கலையையும்கூட விகலையாக்கி, மொத்தத்தை மூவாயிரத்து அறுநூறால் நெடுக வகுத்தார். ஒரே தாளிலிருந்து இரண்டு பேரும் எடுத்தால் ஒரே பிழை இரண்டு பேருக்கும் வருமே என்று அவராகவே சொன்னார். நடுவில் தியாகராசா மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு வந்து, “நான் வாசிக்கிறன், ரெண்டு பேரும் ஒத்துப் பாருங்கோ” என்று பழைய தாளைக் கையில் எடுத்தார்.

பன்னிரண்டில் பதினொன்று பொருந்தியது. ஒன்றில் கடைசி இலக்கம் உதைத்தது. றோஸியின் அட்டவணையில் இரண்டு தடவை மட்டம் தட்டியதால் வந்த வித்தியாசம். பலீலின் எண்ணை எடுத்துக்கொண்டார்கள். பதினொன்று நாற்பதுக்குத் தாள் மேலே போனது. ஐம்பத்தைந்துக்குக் கம்பியில்லாத் தந்தி போனதென்று செய்தி வந்தது. மிச்ச நாற்பத்தொன்பதையும் கணித்துக்கொண்டே இருந்தார்கள். வெளியே கடற்கரையோரம் ரயில் போகும்போதெல்லாம் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பலீல் மத்தியானத்து லுஹர் தொழப் போய்விட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் பென்சிலை எடுத்தார்.

நாலரை மணிக்கு மேஜர் படியிறங்கி வந்தார். 258-ஆம் இடத்தில் திட்டு இருந்தது. மணலில் கால்தடங்களும் உடைந்த துடுப்பு ஒன்றும் இருந்தன. ஆட்கள் இல்லை; நல்ல தண்ணீர் தேடிப் புறப்பட்டிருக்க வேண்டும். விமானம் தெற்கே திரும்பி 271-க்குப் போனது. அதற்கு ஐந்து மைல் இப்பால் படகு மிதந்துகொண்டிருந்தது. விமானம் தண்ணீரில் இறங்கி ஆட்களை ஏற்றியது.

“எத்தனை பேர்?” என்று றோஸி கேட்டார்.

“பதினான்கு.”

பலீல், “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். றோஸி மனதுக்குள் கழித்துப் பார்த்தார். கப்பல் சொன்னது பத்தொன்பது.

ஐந்து பேரும் எப்போது இறந்தார்கள் என்று அவர் அடுத்த வாரம் மேஜரிடம் கேட்டார். மேஜர் சொல்லத் தயங்கினார். பிறகு சொன்னார்: மூன்று பேர் கப்பல் கண்ட அன்றைக்கே. இரண்டு பேர் செவ்வாய்க்கிழமை பின்னேரம், தண்ணீர் இல்லாமல். செவ்வாய்க்கிழமைதான் விமானம் வெறுங் கடலைச் சுற்றிக்கொண்டிருந்தது.

விசாரணை ஒன்று நடந்தது. றோஸிக்கு எழுத்தில் கண்டனம் கொடுத்தார்கள். ஆனால் வேலையிலிருந்து நீக்கவில்லை. முழுப் பட்டியலையும் இரண்டு பேர் தனித்தனியாகக் கணித்தே வெளியே விடவேண்டும் என்று புதிய கட்டளை வந்தது. அதை வரைந்து கொடுத்தவர் றோஸிதான். தியாகராசா அவரிடம் அந்தக் காலையைப் பற்றி ஒரு தடவை மட்டும் பேசினார்.

“நான் அண்டைக்குச் சொன்னதை மனசில வைக்காதையும் பிள்ளை. பயந்துபோனன்.”

“நானும் பயந்துதான் சேர் போனன்,” என்றார் றோஸி.

யுத்தம் முடிந்து பாடசாலை திரும்பக் கிடைத்தது. றோஸி மிஸ் பழையபடி கொட்டாஞ்சேனையில் கரும்பலகை முன் நின்றார். தகப்பன் அடுத்த வருடம் காலமானார். பலீல் புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்து, பெருநாளைக்குப் பெருநாள் வட்டிலப்பம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

இறந்துபோன அந்த இரண்டு பேரின் பெயரை றோஸி விசாரணைத் தாளில் வாசித்திருந்தார். சிட்டகொங்கைச் சேர்ந்த கப்பற்காரர்கள். ஒருவருக்கு வயது இருபத்திரண்டு, மற்றவருக்கு நாற்பது. அந்தப் பெயர்களை அவர் யாரிடமும் சொன்னதில்லை. ஞாயிறு பூசையில் இறந்தவர்களுக்காக மன்றாடும் இடம் வரும்போது மட்டும், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில், இரண்டு முஸ்லிம் பெயர்களை உச்சரிப்பார்.