பாய்லரை முதலில் எழுதச் சொன்ன கடிதம்

எழுபதுகளின் நடுவில் பொன்னேரி அரிசி ஆலை ஒன்றில் நான் ஆறு வருடம் முடித்திருந்தேன். ஆயில் எஞ்சின், மோட்டார், நெல் அவிக்கும் பாய்லர் என்று எல்லாம் என் பொறுப்பு. கும்மிடிப்பூண்டியில் தொடங்கவிருந்த ஒரு தொழிற்சாலைக்கு ஆள் தேடிய சென்னை ஏஜென்சிக்கு பயோடேட்டா அனுப்பினேன். பத்தாம் நாள் பதில் வந்தது. பாய்லர் ஆளைத்தான் தேடுகிறார்களாம். அந்த அனுபவத்தை முதலில், விவரமாக எழுதி ஒரு வாரத்துக்குள் மறுபடி அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பதில் போடவே பயமாக இருந்தது.

"தெரிஞ்ச வேலதானே? இதுக்கு இன்னாத்துக்கு பயம்?" என்றாள் மனைவி.

அவளிடமும் நான் சொல்லாத ஒன்று இருந்தது. போன வருடம் ஒரு நாள், தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயில் தண்ணீரே தெரியவில்லை. கவனிக்காமல் விட்டது நான்தான். தண்ணீர் வற்றிச் சூடேறிய பாய்லரில் திடீரென்று தண்ணீர் விட்டால் வெடித்துவிடும். உமி நெருப்பை வெளியே இழுத்துப் போட்டு ஆறவைத்தேன். முதலாளியிடம் பம்பு ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன். பாய்லரை முதலில் எழுதினால் அதைத்தானே துருவுவார்கள்?

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அடித்துக்கொடுக்கும் பெண் பழைய தாளைப் பார்த்தாள். "ஆறு வருஷமும் தனியா பாத்துக்கினு இருந்தேன்னு அடிச்சிடட்டுமாண்ணே?"

"வேணாம்மா. நாலு வருஷம் உதவியாளு. பாய்லர் சர்டிபிகேட் வாங்கினப்புறம் ரெண்டு வருஷம் தனியா. அப்படியே அடி."

பாய்லரின் அளவு, அழுத்தம், என் வேலைகள் எல்லாம் மேலே ஏறின. எஞ்சினும் மோட்டாரும் கீழே இரண்டு வரியாகச் சுருங்கின. தேதிகளை மாற்றவில்லை. 'தாங்கள் கேட்டபடி திருத்தியது' என்ற கடிதத்தோடு தபாலில் போட்டேன். திரும்ப எடுக்க முடியாதே என்று பெட்டியருகிலேயே நின்றேன்.

இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். தொழிற்சாலை என்ஜினியர் தாளைப் படித்தார். "கண்ணாடியில தண்ணி தெரியல. என்ன செய்வீங்க?"

யாரோ சொல்லிவிட்டார்கள் என்றே நினைத்தேன். "நெருப்ப வெளிய இழுத்துப் போட்டேன் சார். தண்ணி உடல."

"போட்டேனா, போடுவேனா?"

நடந்ததைச் சொன்னேன். முதலாளியிடம் மறைத்ததையும் சொன்னேன்.

அவர் தாளைக் கீழே வைத்தார். "மறைச்சது தப்பு. செஞ்சது சரி" என்றார். "இங்க மறைச்சா அன்னிக்கே வீட்டுக்குப் போயிடணும்."

பாய்லரைத் தனியாகப் பார்க்கும் பதவி கிடைக்கவில்லை. ஷிப்டில் இரண்டாவது ஆளாக எடுத்துக்கொண்டார்கள். சேர்ந்த முதல் நாள், புது பாய்லரின் கண்ணாடிக் குழாயிலிருந்து நான் கண்ணை எடுக்கவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டார்கள். மாற்றாள் வந்து நிற்கும்வரை போகவில்லை.