இயன்றவரை என்று ஒரு சொல்

பத்தாம் வகுப்பை நான் மூன்று முறை படித்தவன். அந்த வகுப்பின் மேல் அவ்வளவு பிரியம் என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்வேன். அப்பா பணியிலிருக்கும்போதே இறந்துபோனதால், திருச்சியில் ஒரு பாசன உபகோட்ட அலுவலகத்தில் எனக்குக் கடைநிலை ஊழியர் வேலை கொடுத்தார்கள். மூன்றாம் முறை தேறிய பிறகு இளநிலை உதவியாளர் ஆனேன். கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்ய இரண்டு விரல்கள்தான் வேலை செய்யும். மற்ற எட்டும் வேடிக்கை பார்க்கும்.

எங்கள் உதவி செயற்பொறியாளர் ஒரு பெண்மணி. அவர் உத்தரவுகளை எழுதித் தரமாட்டார், சொல்லுவார். ஜீப்பில் ஏறிக்கொண்டே சொல்லுவார், போனில் சொல்லுவார், சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி சொல்லுவார். கேட்டுக்கொண்டு வந்து வரைவு ஆணையாக எழுத வேண்டியது நான். ஒரே ஒரு கட்டாயம் உண்டு: வரைவை அவர் படிக்கமாட்டார், எழுதியவனே அவர் முன்னால் வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண்ணை மூடிக் கேட்பார். பிறகுதான் சுருக்கொப்பம், தூய நகல், அதை வரைவோடு வரி வரியாக ஒப்பிடுவது, கையெழுத்து, அனுப்புகை எண் எல்லாம். "நான் சொன்னது என் காதுல ஒரு தடவை விழட்டும், அப்பதான் தெரியும் நான் என்ன சொன்னேன்னு" என்பார்.

அன்றைக்குப் புதன்கிழமை. லால்குடிப் பக்கத்துக் கிளை வாய்க்கால் ஒன்றின் தலை மதகில் ஷட்டர் துருப்பிடித்து, பாதியில் சிக்கி நின்றது. பழுது பார்க்க, மதகுக்கு முன்னால் மணல் மூட்டை அடுக்கி வாய்க்காலை மூட வேண்டும். காலையில் ஜீப் கதவில் கை வைத்தபடி மேடம் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை காலையில மூடிடணும். பத்து நாள். கடைமடைக்கு ஒரு தண்ணி குடுத்துட்டுத்தான் மூடணும், அதையும் போட்டுருங்க. வெல்டிங் கான்ட்ராக்டர் வெள்ளிக்கிழமை வரேன்னுட்டார்."

நான் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். வெள்ளி. பத்து நாள். கடைமடை.

போன வருடத்து மூடல் ஆணை ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தது. பொருள், பார்வை, ஆணை, நகல் பெறுவோர் என்று அதன் சட்டை அப்படியே கிடந்தது. உடம்பை மட்டும் மாற்றினால் போதும். மாற்றிக்கொண்டே வந்தவன் நடுவில் இடறினேன். வெள்ளிக்கிழமை மூடுவதா, வாய்க்காலின் கடைசி வயல்களான கடைமடை பாய்ந்த பிறகு மூடுவதா? நடுவில் இருப்பது இரண்டே நாள். மேடத்தின் வாயில் இரண்டும் ஒரே மூச்சில் வந்தன, சண்டையில்லாமல். காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தால் ஒன்றையொன்று முறைத்தன. போன் செய்து கேட்டிருக்கலாம். மதகில் நிற்பார், எரிந்து விழுவார் என்று பயம். அதோடு, நானும் இத்தனை வருடம் கோப்பு தூக்கியவன், இது தெரியாதா என்ற திமிரும் கொஞ்சம். அரசாங்கத் தமிழில் எல்லாச் சண்டைக்கும் ஒரு மருந்து இருக்கிறது. எழுதினேன்: 'கடைமடைப் பகுதிக்கு இயன்றவரை பாசனநீர் வழங்கி, வெள்ளிக்கிழமை காலை தலை மதகை மூட வேண்டும்.'

எனக்கே என் மேல் மரியாதை வந்துவிட்டது. எழுந்து டீ குடிக்கப் போனேன்.

வெளி பெஞ்சில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கடைமடையில் ஒன்றரை ஏக்கர் நெல். மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்.

"தம்பி, கதிரு வெளிய வந்து நிக்கிது. இந்த ஒரு தண்ணி இல்லேன்னா அத்தனையும் பதராப் போயிடும். உங்க மேடம் நல்லவங்கன்னு சொன்னாங்க."

"போட்டாச்சும்மா. கடைமடைக்குத் தண்ணி குடுத்துட்டுத்தான்னு ஆர்டர்லயே போட்டாச்சு. நான்தான் எழுதுனேன்."

"நெசமாவா? எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க சொன்னா சரி."

டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டேன். 'இயன்றவரை' என்பதை அவருக்கு எப்படிச் சொல்லுவது என்று யோசித்துப் பார்த்தேன். முடிஞ்சா தண்ணி வரும், முடியலேன்னா வராதும்மா. அதைத்தானே எழுதி வைத்திருக்கிறேன். லஸ்கரிடம், அதாவது மதகுகளைத் திறந்து மூடுபவரிடம், இந்த ஆணை போனால் அவர் தேதியைத்தான் பார்ப்பார். தேதி எண்ணில் இருக்கும். இயன்றவரை காற்றில் போகும்.

மத்தியானம் மேடம் வேகமாக உள்ளே வந்தார். கலெக்டர் ஆபீஸில் கூட்டம்.

"குடுங்க, கையெழுத்துப் போட்டுடறேன். இன்னைக்குப் படிக்க நேரமில்ல."

பேனாவைத் திறந்துவிட்டார். நீட்டியிருந்தால் முடிந்தது. என் தப்பு அவர் கையெழுத்துக்குக் கீழே சுகமாகத் தூங்கியிருக்கும்.

"மேடம், ஒரு நிமிஷம். படிச்சுடறேனே."

"உங்களுக்கா? படிக்கறதுல இவ்வளவு ஆர்வமா? பத்தாவதுலயே இந்த ஆர்வம் இருந்திருக்கலாம்."

படித்தேன். அந்தச் சொல் வந்ததும் நாக்கு தானாக வேகமெடுத்தது. மேடம் கண்ணைத் திறந்தார்.

"நில்லுங்க. இயன்றவரையா? அது யார் சொன்னது?"

"நான்தான் மேடம்."

"நான் சொல்லாததை எதுக்கு எழுதுனீங்க?"

"நீங்க சொன்ன ரெண்டும் ஒண்ணா நிக்கல மேடம். நடுவுல அதை வச்சு ஒட்டிப் பார்த்தேன்."

கோபம் வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். வரவில்லை. காலண்டர் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு லஸ்கருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அண்ணே, மேல இருக்கற பிரிவு மதகையெல்லாம் இப்ப அடைச்சா, கடைமடைக்குத் தண்ணி எப்பப் போய்ச் சேரும்?"

"ஞாயித்துக்கெழம சாயங்காலம் ஆயிடும் மேடம். அப்பறம் வயலு குடிக்க ரெண்டு நாளாவது வேணும்ல?"

"அப்ப வெள்ளிக்கிழமை மூடுனா?"

"மூடுனா மூடுனதுதான். பாதி வழியிலயே நின்னுடும்."

போனை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். "ரெண்டையும் நான்தான் சொன்னேன். நாள் கணக்கே பார்க்கல" என்றார். என்னிடம் சொன்னது போலவும் இல்லை. கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது, இருந்தாலும் உட்கார்ந்தார். அவர் சொல்லச் சொல்ல நான் வரைவின் ஓரத்தில் எழுதினேன். மேல் பிரிவு மதகுகள் உடனே அடைக்கப்பட வேண்டும். கடைமடை வயல்கள் பாய்ந்துவிட்டதாகக் களத்தில் இருக்கும் உதவிப் பொறியாளரும் லஸ்கரும் எழுத்தில் சான்று தர வேண்டும். அதன் பிறகே தலை மதகு மூடப்படும். உத்தேசமாக அடுத்த புதன்கிழமை காலை. மறுபடி படித்தேன், மெதுவாக. "இதுதான்" என்று சுருக்கொப்பமிட்டார். தூய நகலை நான் வரைவோடு ஒப்பிட்டு முடித்த பிறகுதான் பெரிய கையெழுத்து விழுந்தது.

எண் போட்டு அனுப்பியதும் பெஞ்சுக்குப் போனேன். முன்பு தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு, ஆணையை அந்த அம்மாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன்.

"அப்ப காலையில எழுதுனது?"

"அதை அடிச்சுப் போட்டாச்சும்மா."

"எழுதறவருன்னு சொன்னீங்களே, அடிக்கிறதும் நீங்கதானா?" என்று சிரித்தார். எனக்கு வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் போய்ச் சேரவில்லை. நடுவில் யாரோ ஒரு மதகைத் தூக்கிவிட்டார்கள். லஸ்கர் திரும்ப அடைத்து, திங்கட்கிழமை மத்தியானம்தான் கடைமடையைத் தொட்டது. புதன்கிழமை காலை கான்ட்ராக்டர் மதகடியில் நின்றுகொண்டு எனக்குப் போன் செய்து கத்தினார்.

"என்னய்யா, இன்னைக்கு மூடறோம்னுதானே சொன்னீங்க? ஆளுங்களோட வந்து நிக்கிறேன்!"

"உத்தேசமான்னு இருக்கு சார். அதுக்கு மேல வரியைப் படிக்கட்டுமா?"

"நீ ஒண்ணும் படிக்க வேணாம்!"

படித்தேன். சான்று வந்த பிறகே என்ற இடத்தில் நாக்கு வேகமெடுக்கவில்லை. அவர் ஏதோ திட்டிவிட்டு வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் லஸ்கர் சேறு காயாத காலோடு வந்து ஒரு தாளை மேசையில் வைத்தார். கடைமடை முழுசாகப் பாய்ந்துவிட்டது, இரண்டு கையெழுத்து, கீழே சாட்சியாக ஒரு பெருவிரல் ரேகை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் ஞாபகம் வந்தது. தாளைக் கோப்பில் சேர்த்து, வியாழக்கிழமை காலை மூடலாம் என்று இரண்டு விரலால் அடித்தேன். அடித்ததை எடுத்துக்கொண்டு, படித்துக் காட்ட மேடத்தின் அறைக்குப் போனேன்.