வீடியோக்காரப் பொண்ணோட மெயில்

நான் வேலை பாக்குற சைக்கிள் கடைக்கு வீடியோக்காரப் பொண்ணு ஒண்ணு மெயில் போட்டுச்சு. வாராவாரம் ஒரு நிமிஷ வீடியோ எடுத்துத் தர்றேன்னு சொல்லி, மாதிரிக்கு மூணு யோசனையும் எழுதியிருந்துச்சு: வீட்டுலயே பஞ்சர் ஒட்டுறது, செயினுக்கு எப்போ எண்ணெய் விடுறது, பிரேக் ஏன் கீச்சுன்னு கத்துது. ஒரு வாரம் கடை வாசல்ல நின்னு, வர்றவங்க கேக்குற கேள்வியைக் குறிச்சு எழுதுச்சாம். கையில வேற வேலையும் இல்லையாம், பாவம்.

முதலாளி படிச்சுக் காட்டுனாரு. என் வாய் சும்மா இருக்குமா? சலூன்ல மூணையும் ஒப்பிச்சேன். பக்கத்து நாற்காலியில மூஞ்சி முழுக்க நுரையோட கெடந்தவன் எதிர்த்த சைக்கிள் கடைக்காரன்னு யாருக்குத் தெரியும்? நாலே நாள்ல பிரேக் வீடியோவைப் போட்டுட்டான்.

"ஒரே யோசனையை ரெண்டு கடைக்கும் வித்திருக்கா. இவ நமக்கு வேணாம்"னாரு முதலாளி.

ரெண்டு நாள் அவர் கண்ணுல படாம வேலை பாத்தேன். மூணாம் நாள் அவர் முன்னாடி போய் நின்னேன்.

"அண்ணே, அந்தப் பொண்ணு விக்கல. நான்தான் சலூன்ல சும்மா குடுத்துட்டேன்."

"உன் வாய்க்கு எவன்டா பஞ்சர் ஒட்டுறது? வேலை அவளுக்குத்தான்னு நீயே பதில் எழுது. தப்பையும் சேர்த்து எழுது."

ஒத்த விரலால ஒரு மணி நேரம் தட்டி எழுதுனேன். உடனே பதில் வந்துச்சு: "நன்றி அண்ணே. அடுத்த யோசனையெல்லாம் நேர்ல வந்து சொல்றேன். அப்போ நீங்க கொஞ்சம் வெளியே நில்லுங்க."

இப்பவும் அந்தப் பொண்ணு வந்தா, நானே எழுந்து வெளியே போயிடுறேன்.