கூடும் என்று எழுத வைத்தேன்

எங்கள் ஊர்ப் பக்கம் கல்வியியல் ஆய்வேடுகளில் முதல் அத்தியாயத்தைக் கடைசியில்தான் எழுதுவார்கள். முடிவு வந்த பிறகு பழங்காநத்தத்து டிடிபி கடையில் உட்கார்ந்து, வந்த முடிவையே முன்பு எதிர்பார்த்ததாகத் தட்டச்சு செய்து, கருதுகோள் என்று தலைப்புப் போடுவார்கள். நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். ஆய்வுக் குழுக்களில் வெளி உறுப்பினராக உட்கார்ந்து இந்த அசட்டுத்தனத்தை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு ஒரு இளக்காரச் சிரிப்பு நிரந்தரமாக வாய்த்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பற்றி எனக்கு அன்று கொஞ்சம் பெருமையும் உண்டு.

நான் சொல்லவந்த ஆய்வாளர் எழுமலைப் பக்கத்துப் பள்ளியில் கணக்கு வாத்தியார். விவசாயக் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்தவர். முனைவர் பட்டம் கிடைத்தால் கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்கலாம். முடிவு வந்த வருடத்துக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும் என்ற நிலை பின்னால் வந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வாக்கியக் கணக்கைப் போடும்முன் அதைப் படமாக வரைந்து பார்த்தால் என்ன ஆகும் என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி.

முதல் கூட்டத்தில் அவர் கொண்டுவந்த ஆய்வுத் திட்டத்தில் மூன்று கருதுகோள்கள் இருந்தன. மூன்றும் ஒரே அச்சு. “குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கும்.” கீழே ஒரே வரி: தகுந்த புள்ளியியல் முறைகள் பயன்படுத்தப்படும். எது தகுந்தது என்று அவருடைய நெறியாளரிடம் கேட்டேன்.

“எல்லாத்துக்கும் டி-டெஸ்ட்தான் மேடம். நம்ம டிபார்ட்மெண்ட்ல வழக்கமே அதான்” என்றார், ஏதோ குலதெய்வத்தைச் சொல்வதுபோல.

மூன்றாவது கருதுகோள் கணக்கின் மேல் உள்ள பயத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பைப் பற்றியது. இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்டில் அதைப் போடுவது, ஒரு பிள்ளையின் உயரத்தையும் எடையையும் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று கேட்பது மாதிரி. இதை நான் அப்படியே சொன்னேன். நெறியாளர் சிரித்துக்கொண்டே, டீயோடு வந்திருந்த பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். பேராசிரியர் என்ற பட்டத்தை இவருக்கெல்லாம் யார் கொடுத்தது என்று நினைத்தேன்.

அன்றே உட்கார்ந்து மூன்றையும் மாற்ற வைத்தேன். பயம் கூடினால் மதிப்பெண் குறையும்: திசை உள்ள கருதுகோள், இரண்டும் சேர்ந்து எப்படி நகர்கின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு, ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கும் ஒருமுனைச் சோதனை. ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் சராசரி மதிப்பெண்ணில் வேறுபாடு இருக்கும்: முந்தைய ஆய்வுகள் இரண்டு பக்கமும் பேசுவதால் திசை இல்லை, டி-டெஸ்ட், இரண்டு பக்கமும் பார்க்கும் இருமுனை. இந்த இரண்டும் சரியாகவே அமைந்தன. தகராறு முதலாவதில்தான்.

“படம் வரையிற குழுவுக்கும் வரையாத குழுவுக்கும் வேறுபாடு இருக்கும்னா என்ன தம்பி அர்த்தம்? கூடுமா, குறையுமா?”

அவர் தயங்கினார். “மேடம், சில பிள்ளைக படம் போட ஆரம்பிச்சா அதுலயே இறங்கிருதுக. மாட்டுக் கணக்குன்னா மாட்டுக்குக் கொம்பு வரையுதுக. நேரம் அம்புட்டும் போயிருது. அதான் எந்தப் பக்கம்னு எழுதல.”

“புத்தகம் என்ன சொல்லுது?”

“கூடும்னுதான் சொல்லுது.”

“அப்ப கூடும்னு எழுதுங்க. வாத்தியாருக்கு ஒரு முதுகெலும்பு வேணாமா?”

நெறியாளர் பஜ்ஜிக்கு நடுவில் உரக்கச் சிரித்தார். வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார்: படம் வரையும் குழுவின் சராசரி மதிப்பெண், வழக்கமான முறையில் படிக்கும் குழுவின் சராசரியைவிட அதிகமாக இருக்கும். சார்பற்ற இரு குழு டி-டெஸ்ட், ஒருமுனை, ஐந்து சதவீதம். அதாவது தவறுக்கு நாம் அனுமதிக்கும் ஐந்து சதவீத இடத்தையும் மேல் பக்கமே ஒதுக்கிவிட்டோம். கீழ் பக்கம் என்ன நடந்தாலும் அதைக் கண்டுபிடிப்பாகச் சொல்லும் உரிமை இல்லை. குழு கையெழுத்திட்டது. நகல் ஒன்றை என் அலமாரியில் வைத்துக்கொண்டேன்.

அவர் உழைப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தன் பள்ளியிலும் அவனியாபுரத்துப் பள்ளி ஒன்றிலும் சீட்டுக் குலுக்கிப் பிள்ளைகளைப் பிரித்தார். சனிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறி வந்து பாடம் நடத்தினார். முடிவு வந்த அன்று என்னையும் நெறியாளரின் அறைக்கு அழைத்திருந்தார்கள்.

“பி வேல்யூ எல்லைக்குள்ள வந்திருக்கு மேடம். கம்ப்யூட்டர் டூ டெயிலுக்குக் குடுத்திருக்கு. நமக்கு ஒன் டெயில்தானே? பாதியாக்கிட்டா இன்னும் பிரமாதம்” என்றார் நெறியாளர்.

வேறுபாடு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்று சொல்லும் எண் அது; ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் முடிவு செல்லும். நான் தாளை வாங்கிப் பார்த்தேன். டி-மதிப்புக்கு முன்னால் கழித்தல் குறி. படம் வரைந்த பிள்ளைகள்தான் குறைவாக வாங்கியிருந்தார்கள். கணிப்புக்கு எதிர்த்திசையில் போனால் அந்த எண்ணைப் பாதியாக்கக் கூடாது. நம்முடைய ஒருமுனைச் சோதனையில் அது ஒன்றுக்கு அருகே போய் நிற்கும். கருதுகோளுக்கு ஆதரவில்லை, அவ்வளவுதான். பேராசிரியருக்குக் குறி கண்ணில் படவே இல்லை.

“அட, அப்ப வாக்கியத்தை மாத்திருப்பா. ‘குறைவாக இருக்கும்’னு போட்டுரு. முதல் அத்தியாயம் இன்னும் அடிக்கவே இல்லைல்ல?” என்றார் வாத்தியாரிடம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “முன்னாடி மேல் பக்கம் அஞ்சு சதவீதம் வச்சீங்க. இப்ப கீழ் பக்கம் அஞ்சு. மொத்தம் பத்து. இதை வெளியே அஞ்சுன்னு சொல்லுவீங்களா? கையெழுத்துப் போட்ட திட்டம் என்கிட்ட இருக்கு. ஒரு எழுத்து மாறினாலும் நான் ஒத்துக்க மாட்டேன்.”

நெறியாளர் முகம் சுண்டிப்போயிற்று. என்னமோ பண்ணுங்க என்று எழுந்து போனார். ஜெயித்த மிதப்பில் நான் வாத்தியார் பக்கம் திரும்பினேன்.

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் மாத்த மாட்டேன் மேடம். ஒண்ணு கேக்கவா? அன்னைக்கு நான் எழுதினபடியே ரெண்டு பக்கமும் வச்சிருந்தா, இது முறையான முடிவா இருந்திருக்கும்ல?”

இருந்திருக்கும். இருமுனையிலும் அந்த எண் எல்லைக்குள்தான் இருந்தது. திசை சொல்ல உறுதியான காரணம் இருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் எது நடந்தாலும் நமக்கு அக்கறையில்லை என்ற நிலையும் இருக்க வேண்டும், அப்போதுதான் ஒருமுனை. இதை வருடந்தோறும் வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிறவள் நான். வகுப்பறையில் தினம் நிற்கிற ஒருவர் எதிர்ப்பக்கமும் நடக்கலாம் என்று காரணத்தோடு சொன்னார். அதை ஆய்வாளரின் அறிவு என்று எடுத்துக்கொள்ளாமல் எழுமலைக்காரரின் பயம் என்று எடுத்துக்கொண்டேன். பஜ்ஜி தின்றவர் தெரியாமல் தப்பு செய்தார். நான் தெரிந்தே ஒரு மனிதரை நக்கலடித்துத் தப்பை எழுத வைத்தேன்.

“ஆமா” என்றேன்.

“சரி மேடம், வாரேன்” என்று தாள்களை அடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

காலக்கெடுவுக்குள் ஆய்வேடு வந்தது. முதல் கருதுகோள் ஆதரவு பெறவில்லை என்று நேராக எழுதியிருந்தார். பிள்ளைகள் கொம்பு வரைந்த விஷயம், அவருடைய ஆய்விலேயே உருப்படியான ஒரே கண்டுபிடிப்பு, திட்டமிடாத கவனிப்பு என்ற பெயரில் கடைசியில் ஒரு பத்தியாகக் கிடந்தது. குறைபாடுகள் பகுதியில் இரண்டே வரி: திசையைத் தேர்ந்தது ஆய்வாளரின் பிழை, வகுப்பறை அனுபவத்தை அவர் போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை.

அந்த இரண்டு வரியும் பொய். அந்த ஆய்வேட்டில் இருந்த பொய் அது ஒன்றுதான். அதையும் எனக்காக எழுதியிருந்தார். திருத்தச் சொல்லியிருக்கலாம். பேனாவை எடுத்து அடுத்த பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.