காரணம் கேட்டு ஒரு மின்னஞ்சல்

பதினான்கு வருடமாக லிஃப்ட் பழுதுபார்ப்பவர் அவர். புதிய கம்பெனி தந்த வேலை ஆணையை நம்பிப் பழைய வேலையை ராஜினாமா செய்திருந்தார். சேருவதற்கு நான்கு நாள் இருக்கும்போது மின்னஞ்சல் வந்தது: பின்னணிச் சரிபார்ப்பு திருப்தியாக இல்லை, ஆணை திரும்பப் பெறப்படுகிறது.

“நேரா போய் நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்,” என்று சட்டையை மாட்டினார்.

“வாட்ச்மேனே திருப்பி அனுப்பிடுவாருங்க. எழுத்துல கேளுங்க,” என்றாள் மனைவி.

இருவரும் உட்கார்ந்து எழுதினார்கள். எந்தத் தகவல் பொருந்தவில்லை, அறிக்கையின் நகல் கிடைக்குமா, தவறிருந்தால் யாரிடம் எத்தனை நாளுக்குள் ஆவணம் தரவேண்டும் என்று கேட்டார்கள். அதுவரை அந்த இடத்தை வேறு யாருக்கும் தரவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். ‘நான் எந்தத் தப்பும் செய்யவில்லை’ என்ற வரியை மனைவி அழித்தாள்.

“என்ன தப்புன்னே அவங்க சொல்லலையே, அதுக்குள்ள என்ன பதில்?”

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. பழைய கம்பெனியில் அப்படி ஒருவர் வேலை செய்யவே இல்லையாம்! சரிபார்த்தவர்கள் கிளை அலுவலகத்தில் விசாரித்திருக்கிறார்கள். அவர் பெயர் இருந்ததோ தலைமை அலுவலகப் பதிவில்.

சம்பளச் சீட்டுகளையும் அனுபவச் சான்றிதழையும் அன்றே அனுப்பினார். மறுபடி சரிபார்க்கப் பத்து நாள் ஆனது. புதிய ஆணை வந்ததும், சேரும் தேதியை மூன்று முறை படித்துவிட்டுத்தான் மனைவியைக் கூப்பிட்டார்.