ஸ்மால் என்று பெயர் வைத்த ஃபோல்டர்

சேலையூரில் ஒரு மாடி அறையில் நானும் என் நண்பனும் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்த காலம் அது. கேமரா அவன் பொறுப்பு, எடிட்டிங் என் பொறுப்பு. இருவருக்கும் நடுவில் ஒரு லேப்டாப். அதை நான் திட்டாத நாள் கிடையாது. ஆனாலும் இன்று நினைத்தால் அதன் மேல்தான் பாசம் பொங்குகிறது.

ஃபோட்டோ கேமராவிலேயே ஹெச்.டி. வீடியோ எடுக்கலாம் என்று வந்த புதுசு. நண்பன் ஒன்று வாங்கி வந்தான். படம் என்றால் படம், பட்டுப்புடவை ஜரிகையை இழை இழையாக எண்ணலாம். அதை லேப்டாப்பில் போட்டால் மணப்பெண் ஒரு அடி எடுத்து வைப்பாள், பிறகு சிலையாக நின்றுவிடுவாள். குரல் மட்டும் தனியாக ஓடும்.

"இன்னா மச்சான், ஸ்டக்காயி ஸ்டக்காயி நிக்குது? பேஜாரா கீதே" என்பான் நண்பன்.

"கேமராவைக் கேளு. லேப்டாப் இன்னா பண்ணும்?" என்று அவன்மேல் எரிந்து விழுவேன்.

விஷயம் இதுதான். அந்தக் கேமரா ஒவ்வொரு படத்தையும் முழுசாகப் பதியாது. முந்தைய படத்துக்கும் இதற்கும் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளும். பார்க்கும்போது அந்தக் குறிப்பிலிருந்து முழுப் படத்தையும் லேப்டாப் கணக்குப் போட்டு வரைய வேண்டும். எங்கள் லேப்டாப்புக்கு அவ்வளவு தெம்பில்லை. ஆகவே எல்லாக் கிளிப்புக்கும் சின்ன நகல் போடக் கற்றுக்கொண்டேன். அளவு நாலில் ஒரு பங்கு, ஒவ்வொரு படமும் தனித்தனியாக முழுசாக இருக்கும். மங்கல்தான், ஆனால் தண்ணீர் மாதிரி ஓடும். அதை வைத்து வெட்டி ஒட்டிவிட்டு, கடைசியில் மட்டும் அசலோடு இணைத்து வெளியே எடுத்தால் படம் பளிச்சென்று வரும்.

காலையில் நகல் போட விட்டால் சாயங்காலம்வரை ஆகும். லேப்டாப் சூடு தாங்காது என்று டேபிள் ஃபேனை அதற்கு வைத்துவிட்டு நாங்கள் இருவரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பேட்டரி பத்து நிமிஷம்கூடத் தாங்காது, நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஆரம்பம். அந்தச் சலிப்பெல்லாம் எவ்வளவு சந்தோஷமான சலிப்பு என்று அப்போது தெரியவில்லை.

இணைக்கும் வேலைக்கு நான் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். அசலுக்கும் நகலுக்கும் ஒரே பெயர். ஒரிஜினல், ஸ்மால் என்று இரண்டு ஃபோல்டர். கடைசியில் இரண்டு ஃபோல்டரின் பெயரையும் இடம் மாற்றிவிடுவேன். சாஃப்ட்வேர் வழக்கம்போல ஸ்மாலைத் தேடிப் போகும், அங்கே அசல் உட்கார்ந்திருக்கும். என் மூளையை நானே மெச்சிக்கொண்ட நாட்கள் உண்டு.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கத்தில் ஒரு கணக்கு வாத்தியார். அவர் மகளின் கல்யாணம் தாம்பரத்தில் ஒரு சர்ச்சில் திங்கட்கிழமை நடந்தது. மூன்று நாள் முன்னால் சாருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். தேதியை மாற்றக்கூடாது என்று அங்கிருந்தே பிடிவாதம் பிடித்தாராம். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வரவேண்டிய பெண் தனியாக வந்தாள். அவர் வீடு திரும்பியது வியாழக்கிழமை. மகளும் மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை ஃபிளைட் ஏறுகிறார்கள். அதற்குள் மகளோடு உட்கார்ந்து கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

வியாழன் சாயங்காலமே, வெட்டி முடித்தவரை காட்டலாம் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனோம். சார் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து பார்த்தார். மகள் சர்ச் வாசலில் வந்து நின்ற இடத்தில் முன்னால் குனிந்தார்.

"முகம் சரியாத் தெரியலையே தம்பி."

"இது சும்மா நகல் சார். சனிக்கிழமை டிவிடி தர்றேன் பாருங்க, பாப்பா கண்ணுல தண்ணி நின்னதுகூட தெரியும்" என்றேன். கொஞ்சம் அலட்டிக்கொண்டே சொன்னேன் என்பது ஞாபகம் இருக்கிறது. அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

வெள்ளிக்கிழமை காலை ஃபோல்டர் பெயர்களை மாற்றி, முதல் இரண்டு நிமிஷத்தை, பெண் வீட்டு அலங்காரத்தை மட்டும், வெளியே எடுத்துப் பார்த்தேன். பளிச். அதற்குள் கரண்ட் போனது. லேப்டாப்பை மூடிவிட்டு, நண்பனோடு ஊரப்பாக்கத்தில் ஒரு வளைகாப்புக்கு ஓடினேன். திரும்பி வந்து கேமரா கார்டைக் காப்பி செய்யப் போனால் ஹார்ட் டிஸ்கில் இடமில்லை. எடிட்டிங்தான் முடிந்துவிட்டதே, இனி நகல் எதற்கு என்று ஸ்மாலை அழித்தேன். ரீசைக்கிள் பின்னுக்குக்கூட அனுப்பாமல் நிரந்தரமாக. அந்த இடத்தில் வளைகாப்பைக் காப்பி செய்தேன்.

பிறகு கல்யாணத்தைத் திறந்தேன். கிளிப்பைக் காணோம், எங்கே என்று சாஃப்ட்வேர் கேட்டது. ஒரிஜினல் ஃபோல்டரைக் காட்டினேன். படம் ஓடியது. திக்காமல், நிற்காமல், தண்ணீர் மாதிரி ஓடியது. பரவாயில்லையே, லேப்டாப்புக்குப் புத்தி வந்துவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். அடுத்த நொடி உறைத்தது. அசல் இப்படி ஓடாது. காலையில் மாற்றிய பெயரை நான் திருப்பி மாற்றவே இல்லை. அழித்த ஸ்மாலில்தான் அசல் இருந்தது.

நண்பனிடம் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். "கார்டுல இன்னும் கீதான்னு பாரு" என்றவன், தானே அதை வளைகாப்புக்காக அழித்துவிட்டது ஞாபகம் வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அழிந்த ஃபைல்களை மீட்கும் சாஃப்ட்வேர் ஒன்றை ஓடவிட்டோம். முக்கால்வாசிக்கு மேல் திரும்பி வந்தது. பந்தி வந்தது, கேக் வந்தது, யார் யாரோ மாமா சித்தப்பாவெல்லாம் ஜரிகை ஜரிகையாக வந்தார்கள். மகள் சர்ச்சுக்குள் நடந்து வரும் கிளிப் மட்டும் வரவில்லை. அதன்மேல்தான் வளைகாப்பு ஏறியிருந்தது. வேறு வழியில்லாமல் அந்த இடத்தில் மட்டும் நகலையே பெரிதாக்கி வைத்தேன். முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது.

சனிக்கிழமை டிவிடியைக் கொடுக்கும்போதே உண்மையைச் சொல்லிவிட்டேன். மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "அந்த ஒண்ணுக்குத்தானேண்ணா அப்பா காத்துக்கிட்டு இருந்தாரு" என்றாள். அந்தக் கோபம் நியாயமானது.

சார் போடச் சொன்னார். பெரிய டிவியில் அந்த இடம் வந்தது. வெள்ளையாக ஒரு உருவம், முகத்துக்குப் பதில் ஒரு மங்கல். எனக்கு அவமானத்தில் எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அவர் திரும்ப ஒருமுறை போடச் சொன்னார். இன்னொரு முறை.

"நடுவுல வராம ஏன்மா ஓரமா நடந்து வர்றே?" என்று மகளைக் கேட்டார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். அத்தனை நாள் அந்தக் கிளிப்பை வெட்டி ஒட்டியும் என் கண்ணில் படாதது. கம்பளத்தில் அவளுக்கு வலது பக்கம் ஓர் ஆள் நடக்கிற அளவு இடம் விட்டு, வாசலிலிருந்து கடைசிவரை அப்படியே வந்திருந்தாள்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முகம் தெரியலைன்னா போகட்டும் தம்பி. எனக்கு விட்ட இடம் நல்லாத் தெரியுது" என்றார்.

மகள் வந்து அவர் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தாள். நண்பன் ரிமோட்டை எடுத்து மறுபடியும் வாசலிலிருந்து போட்டான்.